ரேக்குக்கு முன்னால் நின்று எழுதிய செய்தி

அண்ணாச்சி அனுப்பிய முதல் செய்தி நான்கே வரிதான்.

"தம்பி, புதுக் கடைக்கு ரேக் அடிச்சாச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன். சரக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும். நம்ம சாமான் எல்லாத்தையும் அதுல நெறைய அடுக்கி அழகாப் பண்ணிக் குடுங்க. வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகணும்."

கூடவே ஒரு படம். தச்சர் வேலை முடித்து வார்னிஷ் வாசனை கூடப் போகாத நான்கு தட்டு மர ரேக். ஒரு சாமானும் இல்லை. அதன் பின்னால் இன்னும் ஐந்தாறு படங்கள் வந்தன: எண்ணெய் பாட்டில், முறுக்கு பாக்கெட், கடலை மிட்டாய், கருப்பட்டி. வீட்டு மேசை மேல் வைத்து, நின்றுகொண்டே எடுத்தவை.

மதுரையில் பல வருடங்களாக ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு முன்னால் கடைக்காரர்களுக்கு இந்தத் தேவை வந்தே தீரும். ரேக் தயாராகிவிடும், சரக்கு வந்திருக்காது. நோட்டீஸில் மட்டும் கடை நிறைந்திருக்க வேண்டும். காலி ரேக்கின் படத்தில் சாமான்களை ஒட்டி அடுக்குவது எங்கள் வேலை. எதை, எங்கே, எத்தனை என்று சொல்வது கடைக்காரரின் வேலை. அந்தச் சொல்லில்தான் பாதிப் படம் இருக்கிறது. அண்ணாச்சியின் முதல் செய்தியை வைத்து நான் செய்த படம் வீணானது. இரண்டாவது செய்தியை வைத்துச் செய்த படம் இன்னும் அவர் கடையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொன்னால், இப்படி ஒரு செய்தியை எப்படி எழுத வேண்டும் என்பது விளங்கிவிடும்.

முதல் படம் ஏன் தோற்றது

"நெறைய அடுக்கி" என்றாரே, அப்படியே செய்தேன். எண்ணெய் அவருடைய முக்கியச் சரக்கு என்பதால் இரண்டாவது தட்டில் இருபது பாட்டில் நிறுத்தினேன். மேல் தட்டில் முறுக்கு, மூன்றாவதில் மிட்டாயும் கருப்பட்டியும், கீழே ஐந்து லிட்டர் கேன்கள். பார்வைக்கு நிறைவாகத்தான் இருந்தது. அனுப்பிய அரை மணி நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, படம் பளபளன்னுதான் இருக்கு. ஆனா ஒரு லிட்டர் பாட்டில் இருமல் மருந்து பாட்டில் மாதிரில்ல இருக்கு? முறுக்கு பாக்கெட் என்ன, தலையணை அளவுக்கு நிக்குது?"

அவர் சொன்னது சரி. ஒவ்வொரு சாமானும் தனித்தனிப் படமாக வருகிறது. ஒன்றைக் கிட்டத்தில் நின்று எடுத்திருப்பார், இன்னொன்றை எட்ட நின்று. படத்துக்குள் பாட்டிலின் உண்மையான உயரம் எவ்வளவு என்று காட்ட எதுவும் இல்லை. நான் கண்ணளவாக இழுத்துச் சுருக்கி வைத்தேன். இருபது பாட்டில் வேண்டும் என்று நானே முடிவு செய்ததால், இருபதும் கொள்ளுகிற அளவுக்கு அவற்றைச் சுருக்கியும்விட்டேன்.

"ரேக்கோட உள்ளகலம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டேப்பை எடுத்து அளந்தார். 48 அங்குலம். பாட்டிலையும் அளக்கச் சொன்னேன். உயரம் 11 அங்குலம், அகலம் மூன்றேகால்.

இருபது பாட்டிலை ஒரே வரிசையில் நிறுத்தினால் 65 அங்குலம் வேண்டும். இருப்பது 48. பாட்டிலோடு பாட்டில் இடித்துக்கொண்டு நின்றால்கூடப் பதினான்குக்கு மேல் கொள்ளாது. விரல் நுழைத்து எடுக்க அரை அங்குலம் இடைவெளி விட்டால் பன்னிரண்டு. அந்த ரேக்கில் நடக்கவே முடியாத ஓர் அடுக்கைப் படத்தில் நடத்திக் காட்டியிருக்கிறேன். நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் கடையைப் பார்த்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும்.

ஒரு அளவு கிடைத்தால் போதும்

உள்ளகலம் தெரிந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது. கைபேசிப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, பிக்சல் என்கிறோம். அண்ணாச்சி எடுத்த ரேக் படத்தில் உள்ளகலம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 3360 பிக்சல் இருந்தது. அதை 48-ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 70 பிக்சல். இனி எந்தச் சாமானானாலும் அதன் அளவை 70-ஆல் பெருக்கினால் போதும். 11 அங்குல பாட்டில் படத்தில் 770 பிக்சல் உயரம் நிற்க வேண்டும். அந்தத் தட்டின் உயரம் 14 அங்குலம், அதாவது 980 பிக்சல். ஆகவே மூடிக்கும் மேல் பலகைக்கும் நடுவே 210 பிக்சல், மூன்று அங்குலம், காலியாகத் தெரிய வேண்டும். என் முதல் படத்தில் அந்த இடைவெளி எட்டு அங்குலம் இருந்தது. பாட்டில் மருந்து பாட்டிலாகத் தெரிந்தது அதனால்தான்.

இந்தக் கணக்கு தட்டின் முன்விளிம்பில் நிற்கும் சாமானுக்குப் பொருந்தும். பின்னால் தள்ளி வைத்தது கொஞ்சம் சிறிதாகத் தெரியும். எட்டு அடி தள்ளி நின்று எடுத்த படத்தில், எட்டு அங்குலம் உள்ளே இருக்கும் பாட்டில் முன்வரிசைப் பாட்டிலைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு போல் குறைந்து தெரியும். அதனால்தான் "முன்வரிசையா, பின்வரிசையும் உண்டா" என்று கேட்கிறோம்.

கடைக்காரர் இதில் எந்தப் பெருக்கலும் போட வேண்டியதில்லை. ரேக்கின் உள்ளகலம், ஒவ்வொரு தட்டின் உயரம், ஒவ்வொரு சாமானின் அகலமும் உயரமும் எழுதி அனுப்பினால் போதும். டேப் கைவசம் இல்லாவிட்டால் சாமானின் பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பலாம். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

எந்த உயரத்தில் கண் இருக்கிறது

அளவு சரியானாலும் இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி பாட்டிலை மேசைமேல் வைத்து, நின்றபடி குனிந்து எடுத்திருந்தார். படத்தில் மூடியின் மேல்வட்டம் முழுசாகத் தெரிந்தது. ரேக் படத்தையோ நெஞ்சுக்கு நேராக, ஏறத்தாழ நாலடி உயரத்தில் கைபேசியைப் பிடித்து எடுத்திருக்கிறார். அந்த ரேக்கின் இரண்டாவது தட்டில் ஒரு பாட்டிலை வைத்தால் அதன் மூடி ஏறக்குறைய அதே நாலடி உயரத்துக்கு வரும். கண்ணுக்கு நேராக இருக்கும் மூடியின் மேல்புறம் தெரியாது. ஒரு நேர்கோடாகத்தான் தெரியும். மேலிருந்து எடுத்த பாட்டிலை அங்கே ஒட்டினால் அது முன்பக்கம் சரிந்து விழப்போவது போல இருக்கும்.

கீழ்த்தட்டு கேனுக்கு இது தலைகீழ். அது முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன் தோள், கைப்பிடி, மூடி எல்லாம் மேலிருந்து தெரிய வேண்டும். நேர்ப்பார்வையில் எடுத்த கேனை அங்கே வைத்தால் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். மேல்தட்டில் பலகையின் அடிப்புறம்கூட லேசாகத் தெரியும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்த பாக்கெட்டின் கால் பலகை விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சியே ஒரு வழி கண்டார். "சரக்குதான் வரல தம்பி. மாதிரிக்கு ஒண்ணொண்ணு கையில இருக்கே. அதை ரேக்குலயே வச்சு எடுத்துட்டா?"

இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. ஒரு ஸ்டூல் மேல் நாலு புத்தகம் அடுக்கி, கைபேசியை அதன்மேல் சாத்தி நிறுத்தி, முதலில் காலி ரேக்கை எடுக்க வேண்டும். பிறகு கைபேசியை அசைக்காமல், ஒரு பாட்டிலை அதன் தட்டில் வைத்து ஒரு படம். அதை எடுத்துவிட்டுக் கேனை அதன் தட்டில் வைத்து ஒரு படம். இப்படி எடுத்தால் அளவு, பார்வைக்கோணம், வெளிச்சம் மூன்றும் தாமாகவே பொருந்திவிடும். அகலமாகக் காட்டும் 0.5x லென்ஸ் மட்டும் வேண்டாம். அது ஓரத்துப் பலகைகளை வில்லாக வளைத்துவிடும். எட்டடி பின்னால் போய் 1x-இல் எடுத்தால் கோடு கோடாகவே இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடையின் வாசல் ரேக்குக்கு இடப்பக்கம். பகலில் வெளிச்சம் இடமிருந்து வந்து நிழல் வலப்பக்கம் விழும். மேல் பலகையின் நிழல் கீழே நிற்கும் பாட்டில்களின் கழுத்து வரை இறங்கும். பாட்டிலின் அடி பலகையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருப்புக் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு இல்லாவிட்டால் சாமான் மிதக்கிறது. ஒட்டுப்படத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் முதலில் சாமானின் காலைப் பாருங்கள்.

எண்ணெய் பாட்டில் கண்ணாடி என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைத் துணி முன் வைத்து எடுத்த பாட்டிலை வெட்டினால், கழுத்துப் பகுதியில் அந்த வெள்ளையும் கூடவே வரும். பழுப்பு மரத்தின் முன் நிற்கும் பாட்டிலுக்குள் வெள்ளைச் சுவர் தெரிவது எப்படி? ரேக்கிலேயே வைத்து எடுத்தால் இந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு சாமானையும் சற்றே திருப்பி மூன்று படமாக எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரே பாட்டிலைப் பன்னிரண்டு முறை நகலெடுத்தால் ஒரே மினுமினுப்பு, லேபிளில் ஒரே மடிப்பு பன்னிரண்டு இடத்தில் வரும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிற கண்ணுக்கு அது உறுத்தும்.

இரண்டாவது செய்தி

மறுநாள் காலை வந்தது. படங்களை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பியிருந்தார்; அப்படி அனுப்பினால்தான் படம் சுருங்காமல் அசல் தரத்தில் வரும். காலி ரேக் படத்தின் மேல் கைபேசிப் பேனாவால் தட்டுகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தார். செய்தி இது:

"தம்பி, ரேக்குக்கு முன்னாடி நின்னுதான் எழுதுறேன். தட்டை மேல இருந்து எண்ணுங்க. இடது வலது எல்லாம் பாக்கிறவங்க பக்கம். உள்ளகலம் 48 இன்ச்.

தட்டு 1, உயரம் 11: முறுக்கு பாக்கெட் 7. அகலம் 6, உயரம் 9. ஒரே வரிசை போதும்.

தட்டு 2, உயரம் 14: லிட்டர் பாட்டில் 12. இடது பக்கம் இருந்து நல்லெண்ணெய் 5, கடலை எண்ணெய் 4, தேங்காய் எண்ணெய் 3. பின்னாடியும் ஒரு வரிசை தெரியட்டும். லேபிள் நேரா முன்னாடி பாக்கணும்.

தட்டு 3, உயரம் 12: இடது பக்கம் கடலை மிட்டாய் பாக்கெட் 4, அகலம் 5, உயரம் 7. வலது பக்கம் கருப்பட்டி ஓலைப்பெட்டி 3, ஒண்ணு அஞ்சரை இன்ச். நடுவுல ஒரு சாண் காலியா விடுங்க.

தட்டு 4, உயரம் 16: அஞ்சு லிட்டர் கேன் 4. ஏழரை அகலம், 12 உயரம். இடது பக்கமே நிக்கட்டும். வலது மூலையில சுவிட்ச் பெட்டி இருக்கு, அதை மறைக்க வேண்டாம்.

பால்கோவா போட வேண்டாம். அது ஃபிரிட்ஜுல இருக்கிற சாமான். பழைய லேபிள் படத்தை எடுத்துராதீங்க, புது லேபிள் அச்சகத்துல இருந்து வந்த ஃபைலை அனுப்பியிருக்கேன். விலை எங்கேயும் எழுத வேண்டாம். மொதல்ல கட்டம் மட்டும் போட்டுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

இந்தச் செய்தியில் வீணான சொல் ஒன்றுகூட இல்லை. சில வரிகள் மேலோட்டமாகப் பார்த்தால் சின்னவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தப்பைத் தடுக்கிறது.

'பாக்கிறவங்க பக்கம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எப்போதும் மேசைக்கு உள்ளே நின்று வாசலைப் பார்த்துப் பழகியவர். அவருக்கு வலது என்பது வாடிக்கையாளருக்கு இடது. இந்த ஒரு சொல் இல்லாததால் எண்ணெய் இருக்க வேண்டிய பக்கத்தில் கேனும், கேன் இருக்க வேண்டிய பக்கத்தில் எண்ணெயும் போய், வேலை முழுவதையும் திருப்பிச் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

எண்ணிக்கையும் அப்படித்தான். 'நல்லெண்ணெய் 5, கடலை 4, தேங்காய் 3' என்று அவர் பிரித்ததற்குக் காரணம் விற்பனை. எது அதிகம் போகிறதோ அதற்கு முன்வரிசையில் அதிக முகம். பெரிய கடைகளில் இதை ஃபேசிங் என்பார்கள். எது ஓடும் சரக்கு என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். என்னிடம் விட்டால் நிறம் பார்த்து அடுக்குவேன்.

மூன்றாவது தட்டில் நடுவே விடச் சொன்ன ஒரு சாண் இடம் முதலில் எனக்குப் புரியவில்லை. ரேக் நிறைந்திருக்க வேண்டும் என்றவர் இவர்தானே? கேட்டேன்.

"இடுப்பு உயரத் தட்டுல்ல தம்பி, அங்கதான் ஆள் கை போகும். மிட்டாயைக் கேட்டு வர்ற பிள்ளைகளும் அதைத்தான் எட்டும். நெருக்கி வச்சா ஒண்ணை எடுக்கும்போது இன்னொண்ணு விழும். படத்துல ஒரு மாதிரி, கடையில ஒரு மாதிரி இருக்கக் கூடாது."

போட வேண்டாம் என்பதும் ஒரு சரக்கு

செய்தியின் கடைசிப் பத்திதான் பலர் எழுதாமல் விடுவது. எதைப் போட வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எடிட்டர் அழகுக்காக எதையாவது சேர்த்துவிடுவார். காலியாக இருக்கும் மூலையில் ஒரு பூந்தொட்டி, சுவரில் விளம்பரப் பலகை, இணையத்தில் கிடைத்த வேறு கம்பெனி பாட்டில். அவர் கடையில் இல்லாத ஒன்று படத்தில் வந்தால், அதைக் கேட்டு வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியவர் அண்ணாச்சிதான். வேறு கம்பெனியின் பெயரும் சின்னமும் வந்தால் அது தனி வம்பு.

பால்கோவா சில நாள்தான் தாங்கும். அதைத் திறந்த ரேக்கில் அடுக்கிக் காட்டினால், விவரம் தெரிந்த வாடிக்கையாளர் இந்தக் கடையில் பால்கோவா வாங்கவே யோசிப்பார். சாமான் உண்மையாக எங்கே இருக்குமோ அங்கேதான் படத்திலும் இருக்க வேண்டும்.

லேபிள் விஷயத்தில் எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. உணவுப் பொட்டலத்தின் மேல் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கும். அவை மங்கலாகத் தெரிந்தால் மங்கலாகவே விடுவேன். தெளிவு வேண்டுமென்று நானாக எண்ணைத் தட்டமாட்டேன். 450 கிராம் பாக்கெட்டில் பழைய லேபிளின் 500 கிராம் நின்றுவிட்டால் விளம்பரமே பொய்யாகிவிடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் அளவைப் பற்றித் தவறாக எண்ண வைக்கும் விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே பார்க்கிறது. ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அண்ணாச்சியின் மிட்டாய் அங்கிருந்தே வருகிறது, லேபிளிலும் அப்படியே இருக்கிறது. வேறு ஊர்ச் சரக்காக இருந்திருந்தால், படத்தில் அழகுக்காக அந்தப் பெயரை நான் எழுதிவிட முடியாது.

'மொதல்ல கட்டம் மட்டும்' என்றாரே, அது எங்கள் இருவர் நேரத்தையும் காப்பாற்றியது. ரேக் படத்தின் மேல் ஒவ்வொரு சாமானின் இடத்திலும் சரியான அளவில் ஒரு நிறக் கட்டம் மட்டும் போட்டு அனுப்பினேன். பத்து நிமிட வேலை. தேங்காய் எண்ணெயை இடதுகோடிக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். பாட்டில்களை வெட்டி, நிழல் வரைந்து, மினுமினுப்பு சரிசெய்த பிறகு அதே மாற்றத்தைக் கேட்டிருந்தால் அரை நாள் போயிருக்கும். ஒவ்வொரு சாமானையும் தனித்தனி லேயராக வைத்த ஃபைலையும் அவருக்குக் கொடுத்தேன். நாளைக்கு ஒரு சரக்கு மாறினால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம்.

வியாழக்கிழமை இரவு படம் அச்சகம் போனது. வெள்ளிக்கிழமை நோட்டீஸ் வந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை நான் கடைக்குப் போனபோது சரக்கு வந்து இறங்கியிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே கடைப் பையன் ஒருவன் ரேக்கில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தான். ரேக்கின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. பையன் அதைப் பார்ப்பதும், பாட்டிலை எண்ணி வைப்பதுமாக இருந்தான். தேங்காய் எண்ணெய் மூன்று, நல்லெண்ணெய் ஐந்து, கடலை எண்ணெய் நான்கு. மூன்றாவது தட்டில் மிட்டாயை வைத்துவிட்டு, கையை விரித்து ஒரு சாண் அளந்தான். அதற்கப்புறம்தான் ஓலைப்பெட்டியை எடுத்தான்.